லாகரில் பழ வாசனை, ஏலில் தின்னர் நெடி: ஈஸ்ட்டும் வெப்பநிலையும் எங்கே பிசகின என்று கண்டுபிடிப்பது

வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் இடம் கொடுக்கும் ஊரில் இருந்துகொண்டு, 20 லிட்டர் அளவில் காய்ச்சுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். (தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம்.) பீரில் வேண்டாத வாசனை வந்ததும் பலரும் மால்ட் பழசா, ஹாப்ஸ் கெட்டுப்போனதா என்று தேடத் தொடங்குவார்கள். என் அனுபவத்தில் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. என்ன ஈஸ்ட் போட்டீர்கள்? நொதிப்பின் முதல் பாதியில், பீரின் வெப்பநிலை எவ்வளவு இருந்தது?

அறையின் வெப்பநிலையை நான் கேட்கவில்லை, பீரின் வெப்பநிலையைக் கேட்கிறேன். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது சூடு வெளியாகும். நொதிப்பு உச்சத்தில் இருக்கையில் 20 லிட்டர் பீர், சுற்றியுள்ள காற்றைவிட 3 முதல் 5 டிகிரி வரை கூடுதலாக இருக்கலாம். முதல் பாதி என்று நான் சொல்வது, கரைந்திருக்கும் சர்க்கரையின் அளவைக் காட்டும் கிராவிட்டி பாதி வழி இறங்கும் வரையிலான காலம். சற்றே சூட்டில் நொதிக்கும் ஏலுக்கு இது ஒன்றரை இரண்டு நாள், குளிரில் நொதிக்கும் லாகருக்கு நாலைந்து நாள். ஈஸ்ட் பெருகுவது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். பழ வாசனை தரும் எஸ்டர்களும் தின்னர் நெடி தரும் ஃபியூசல் ஆல்கஹால்களும் ஈஸ்ட் பெருகும்போதுதான் அதிகம் உண்டாகின்றன. பாதியைத் தாண்டிய பிறகு ஏறும் சூடு அவ்வளவு கெடுதல் செய்யாது, லாகருக்கு நல்லதும்கூட. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கணக்கு தவறியதால் வருபவை.

லாகரில் பழ வாசனை வருகிறது

முதலில் என்ன பழம் என்று பாருங்கள். வாழைப்பழ எசன்ஸ் வாசனை என்றால் அது ஐசோ அமைல் அசிட்டேட். கடையில் விற்கும் செயற்கை எசன்ஸிலும் இதே பொருள்தான் இருக்கிறது. பழுத்த ஆப்பிள், பேரிக்காய் மாதிரி இருந்தால் அதுவும் எஸ்டர்தான். ஆனால் பச்சை ஆப்பிளைக் கடித்ததுபோல் கூர்மையாக, பழுக்காத வாசனையாக இருந்தால் அது எஸ்டர் இல்லை, அசிட்டால்டிஹைட். ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்பே பீரைப் பிரித்தெடுத்துவிட்டீர்கள் என்று பொருள். ஈஸ்ட்டோடு இன்னும் சில நாள் விட்டுவைத்தால் அசிட்டால்டிஹைட் குறையும். எஸ்டர் அப்படிக் குறையாது, அதனால் இந்த வேறுபாட்டை முதலிலேயே பிடித்துவிட வேண்டும்.

நண்பர் ஒருவர் கொண்டுவந்த பில்ஸ்னரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நல்ல ஜெர்மன் பில்ஸ்னர் மால்ட், தொடக்க கிராவிட்டி 1.048, வைஹென்ஸ்டெஃபான் வழி வந்த 34/70 என்ற உலர் லாகர் ஈஸ்ட். குளிர்சாதனப் பெட்டியை 12 டிகிரிக்கு வைத்திருந்தார். ஆனாலும் குவளையை மூக்கருகே கொண்டுபோனதும் பேரிக்காய் வாசனை, அதற்குப் பின்னால் லேசாக வாழைப்பழம். "12 டிகிரியில்தானே வச்சேன்?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் குறித்துவைத்திருந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன்.

கோடை காலம், குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பு. அதனால் வோர்ட்டை, அதாவது நொதிக்காத மால்ட் சாற்றை, 24 டிகிரிக்குக் கீழே இறக்க முடியவில்லை. அதே சூட்டில் 11.5 கிராம் பாக்கெட் ஒன்றைப் போட்டுவிட்டு, ஃபெர்மென்டரைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். 20 லிட்டர் திரவம் வீட்டுப் பெட்டியில் 24-லிருந்து 12-க்கு வர ஒரு நாள் பிடிக்கும், அதற்கு மேலும் ஆகலாம். அந்த ஒரு நாள் முழுவதும் ஈஸ்ட் 20 டிகிரிக்குப் பக்கத்தில் குஷியாகப் பெருகியிருக்கிறது. கோளாறுக்கு முதல் காரணம் இது. இரண்டாவது, வெப்பமானியின் முனை பெட்டிக்குள் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. திரையில் 12 என்று காட்டியபோது உள்ளே பீர் 15, 16 வரை போயிருக்கும். மூன்றாவது, ஒரே பாக்கெட். லாகருக்கு ஏலைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு ஈஸ்ட் வேண்டும். குளிரில் ஈஸ்ட் மெதுவாகப் பெருகும் என்பதால் ஆரம்பத்திலேயே கூட்டமாக இறக்கிவிட வேண்டும். இந்த அளவுக்கு உலர் ஈஸ்ட் என்றால் இரண்டு பாக்கெட், அதாவது 23 கிராம்.

அந்தத் தொகுதியைத் திருத்த வழியில்லை. மாதக்கணக்கில் குளிரில் வைத்தாலும் பேரிக்காய் போய்விடாது என்று சொல்லிவிட்டேன். அதைப் பழ வாசனையுள்ள ஏலாக நினைத்துக் குடித்துவிடலாம், குடிக்கக் கெட்ட பீர் இல்லை. அடுத்த தடவைக்கு மாற்றியவை இவை.

வோர்ட்டை முடிந்த அளவு குளிர்வித்து, கிருமிநீக்கம் செய்த ஃபெர்மென்டரில் ஊற்றி இறுக மூடி, ஈஸ்ட் போடாமலே இரவு முழுதும் பெட்டியில் வைக்க வேண்டும். காலையில் வோர்ட் 10 டிகிரியைத் தொட்ட பிறகு காற்றூட்டிவிட்டு, இரண்டு பாக்கெட்டையும் போடலாம். ஈஸ்ட் இல்லாத வோர்ட்டை ஒரு ராத்திரி விட்டுவைக்கப் பலரும் பயப்படுவார்கள். பாத்திரம் சுத்தமாக இருந்து மூடியும் இறுக்கமாக இருந்தால் பயப்படத் தேவையில்லை. வெப்பமானியின் முனையை ஃபெர்மென்டரின் வெளிச்சுவரில், பீர் மட்டத்துக்குக் கீழே ஒட்டி, அதன் மேல் ஒரு துண்டு ஃபோமை வைத்து டேப் சுற்றுங்கள். ஃபோம் இல்லாவிட்டால் அது மறுபடி காற்றின் வெப்பத்தைத்தான் அளக்கும். பிறகு 11 அல்லது 12 டிகிரியில் நிறுத்தி, கிராவிட்டி 1.028 வாக்கில் வரும் வரை தொடாதீர்கள். அதற்கப்புறம் நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரியாக ஏற்றி 17, 18 வரை கொண்டுபோகலாம். ஏன் ஏற்ற வேண்டும் என்பது அடுத்த கோளாறில் வரும்.

ஒன்று சொல்ல வேண்டும்: 34/70 மிகவும் பொறுமையான ஈஸ்ட். சரியான அளவு போட்டால் 16, 18 டிகிரியில்கூடப் பெரும்பாலும் சுத்தமாகவே முடிக்கும். நண்பருக்கு வம்பு வந்தது சூடும் பற்றாக்குறையும் ஒன்றாகச் சேர்ந்ததால். எல்லா லாகர் ஈஸ்ட்டும் இப்படிப் பொறுத்துப்போகாது, ஆகவே புது ரகம் வாங்கினால் முதல் தடவை குளிராகவே வைத்துப் பாருங்கள்.

லாகரில் வெண்ணெய் வாசனை

சினிமா தியேட்டர் பாப்கார்ன் வாசனை, நாக்கில் ஒரு வழவழப்பு. இது டையசெட்டில். பழ வாசனைக்கு நேர் எதிரான தவறிலிருந்து வருவது: குளிரை ரொம்ப நாள் பிடித்துவைத்திருக்கிறீர்கள், அல்லது நொதிப்பு முடியும் முன்பே இன்னும் குளிர்வித்துவிட்டீர்கள்.

ஈஸ்ட் பெருகும்போது வேலின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கிறது. அந்த வழியில் ஆல்ஃபா அசிட்டோலேக்டேட் என்ற ஒரு இடைப்பொருள் கொஞ்சம் செல்லுக்கு வெளியே கசிகிறது. அதற்கு வாசனை கிடையாது. பீருக்குள் அது தானாகவே, மெதுவாக, டையசெட்டிலாக மாறுகிறது. பிறகு ஈஸ்ட் அந்த டையசெட்டிலைத் திரும்ப உள்ளே இழுத்து, வாசனை தெரியாத வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. ஆக, இதில் இரண்டு படி இருக்கிறது. முதல் படி வெறும் வேதியியல், சூட்டில் வேகமாக நடக்கும். இரண்டாவது படிக்கு விழித்திருக்கும் ஈஸ்ட் வேண்டும். 10 டிகிரியிலேயே நிறுத்தி அங்கிருந்து நேராக 2 டிகிரிக்குத் தள்ளினால், இரண்டு படியும் பாதியில் நின்றுவிடும். பாட்டிலில் அடைக்கும்போது பீர் சுத்தமாகத்தான் இருக்கும். சில வாரம் கழித்து, கசிந்து கிடந்த இடைப்பொருள் மாறி முடித்ததும், வெண்ணெய் வாசனை வெளியே வரும். "அடைக்கும்போது நல்லாத்தான் இருந்தது" என்று ஒருவர் சொன்னாலே எனக்கு இந்தச் சந்தேகம் வந்துவிடும்.

இதைத் தடுக்கத்தான் கடைசிக் கட்டத்தில் பீரை 17, 18 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் வைப்பது. அந்த நேரத்தில் பெருக்கம் முடிந்திருக்கும், எஸ்டர் புதிதாக வராது, ஈஸ்ட்டோ இன்னும் மிதந்துகொண்டிருக்கும். எப்போது போதும் என்பதைக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

இரண்டு சின்ன கண்ணாடிக் குவளையில் தலா 100 மில்லி பீர் எடுத்து, அலுமினியத் தாளால் மூடுங்கள். ஒன்றை அப்படியே மேசையில் வையுங்கள். இன்னொன்றை 60 டிகிரித் தண்ணீரில் அரை மணி நேரம் இறக்கி வையுங்கள். சூடு, மிச்சமிருக்கும் இடைப்பொருளை அப்போதே டையசெட்டிலாக மாற்றிக் காட்டிவிடும். பிறகு அதைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து, இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வந்தபின் தாளைத் திறந்த கையோடு முகர்ந்து பாருங்கள். இரண்டிலும் வெண்ணெய் இல்லை என்றால் பீர் தயார், குளிர்விக்கலாம். சூடாக்கியதில் மட்டும் வந்தால் இடைப்பொருள் பாக்கி இருக்கிறது, இன்னும் இரண்டு நாள் அதே சூட்டில் விடுங்கள். இரண்டிலுமே வந்தால் ஈஸ்ட் இன்னும் சுத்தம் செய்து முடிக்கவில்லை. ஃபெர்மென்டரை மெதுவாகச் சுழற்றி, அடியில் உட்கார்ந்த ஈஸ்ட்டைக் கிளப்பிவிட்டு, மறுபடியும் காத்திருங்கள். டையசெட்டில் வாசனை எல்லோர் மூக்குக்கும் ஒரே மாதிரி பிடிபடாது. வீட்டில் இன்னொருவரையும் முகரச் சொல்வது நல்லது.

ஏற்கெனவே குளிர்வித்து, ஈஸ்ட் எல்லாம் அடியில் படிந்த பிறகுதான் கவனித்தீர்களா? வெறுமனே சூடேற்றினால் மட்டும் பலன் குறைவு. தனியாக இரண்டு லிட்டர் வோர்ட்டில் அதே ஈஸ்ட்டைப் போட்டு, நன்றாகப் பொங்கி வரும் நேரத்தில் அதை 18 டிகிரிக்குக் கொண்டுவந்த பீரில் சேருங்கள். ஜெர்மனியில் கிராய்சன் என்று இதைப் பழைய காலத்திலிருந்தே செய்கிறார்கள். பாட்டிலில் அடைத்தபின் என்றால் செய்வதற்கு அதிகம் ஒன்றுமில்லை. வெண்ணெயோடு புளிப்பும் சேர்ந்து வந்தால் கதை வேறு: அது பாக்டீரியா, பாத்திரங்களைத்தான் பார்க்க வேண்டும்.

லாகர் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது

நொதிப்பு நடக்கும்போது என்றால் விட்டுவிடுங்கள். லாகர் ஈஸ்ட் குளிரில் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடுவது வழக்கம். பொங்கும் கரியமில வாயு அதில் பெரும்பங்கை அடித்துக்கொண்டு போய்விடும், மீதி குளிர்ச் சேமிப்பில் மறையும். நாற்றத்துக்குப் பயந்து பீரைச் சாக்கடையில் ஊற்றியவர்களை எனக்குத் தெரியும், நல்ல பீர் அநியாயமாகப் போனது. நொதிப்பு முடிந்த பிறகும் கடுமையாக இருந்தால் 18 டிகிரியில் இன்னும் மூன்று நாள் வைத்து, அதன்பிறகு 2 டிகிரியில் மூன்று நாலு வாரம் விடுங்கள். ஏலில் இந்த நாற்றம் பலமாக வந்தால் மட்டும் சத்துக் குறைவா, ஈஸ்ட் பழசா என்று யோசிக்கலாம்.

லாகர் ஈஸ்ட் போட்டு இரண்டு நாளாகியும் அசைவில்லை

10, 12 டிகிரியில் ஒரு நாள், ஒன்றரை நாள் சும்மா இருப்பது இயல்பு. ஏல் அன்று ராத்திரியே பொங்கியதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கலக்கமாக இருக்கும். ஏர்லாக்கை நம்பாதீர்கள், மூடி கொஞ்சம் கசிந்தாலும் குமிழ் வராது. ஹைட்ரோமீட்டரை இறக்கிப் பாருங்கள்.

லாகர் ஈஸ்ட்டுக்குக் குளிர் பிடிக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மையில்லை. அதற்கும் சூடுதான் பிடிக்கும், 25 டிகிரியில் விட்டால் இன்னும் வேகமாகப் பெருகும். குளிரைத் தாங்கிக்கொண்டு வேலை செய்ய முடியும் என்பதுதான் அதன் தனித்திறமை. அந்தத் திறமை அதற்குப் பிறப்பிலேயே வந்தது. ஏலுக்கான சாக்கரோமைசிஸ் செரிவிசியேவும், சாக்கரோமைசிஸ் யூபயானஸ் என்ற காட்டு ஈஸ்ட்டும் கலந்து பிறந்த கலப்பினம்தான் லாகர் ஈஸ்ட். அந்தக் காட்டுப் பெற்றோரை 2011-இல்தான் அடையாளம் கண்டார்கள், அர்ஜென்டினாவின் படகோனியாவில், தெற்கு பீச் மரங்களில். பவேரியாவில் 1553-இல் கோடை காலத்தில் பீர் காய்ச்சத் தடை போட்டார்கள். குளிர்காலத்தில் மட்டும் காய்ச்சியதால், குளிரில் ஜெயிக்கும் ஈஸ்ட்டே அங்கே நிலைத்தது. 1883-இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹேன்சன் அதைத் தனியாகப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினார்.

சரி, உங்கள் ஃபெர்மென்டருக்கு வருவோம். மூன்றாம் நாளும் கிராவிட்டி அசையவில்லை என்றால், 15 டிகிரிக்கு ஏற்றிப் பாருங்கள். லேசாகப் பழ வாசனை வரலாம், ஆனால் வேறு கிருமி முந்திக்கொள்வதைவிட அது மேல். அதற்கும் அசையாவிட்டால் புது ஈஸ்ட் போடுவதுதான் வழி. பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: ஈஸ்ட் போதவில்லை, அல்லது சூடான வோர்ட்டில் போட்டுவிட்டுச் சட்டென்று குளிர்வித்ததில் ஈஸ்ட் முடங்கிவிட்டது.

ஏலில் தின்னர், நெயில் பாலிஷ் நெடி

ஏலுக்குப் பழ வாசனை அழகு. அது எல்லை தாண்டும்போதுதான் நெடியாகிறது. நெயில் பாலிஷ் வாசனை எத்தில் அசிட்டேட். தொண்டையில் சுடும் சாராயக் காரம் ஃபியூசல் ஆல்கஹால்கள். இரண்டும் சேர்ந்து வந்தால் பீர் முதல் இரண்டு நாள் மிகவும் சூடாக இருந்திருக்கிறது.

"அறை 23 டிகிரிதான், பாக்கெட்டில் 26 வரை போகலாம் என்று போட்டிருக்கிறதே" என்பார்கள். அறை 23 என்றால் பீர் 27, 28-ஐத் தொட்டிருக்கும். பாக்கெட்டில் இருக்கும் எண் ஈஸ்ட் பிழைத்து வேலை செய்யும் எல்லை, நல்ல ருசிக்கான எல்லை வேறு. யுஎஸ்-05, எஸ்-04 போன்ற சாதாரண ஏல் ஈஸ்ட்டுக்கு 18-இல் தொடங்கி, முதல் மூன்று நாள் 19-ஐத் தாண்டவிடாமல் வைத்து, பிறகு 21 வரை தானாக ஏறவிடுவதுதான் என் வழக்கம். தனிப் பெட்டி இல்லாவிட்டால் ஒரு பெரிய டப்பில் தண்ணீர் ஊற்றி அதில் ஃபெர்மென்டரை வைத்து, உறையவைத்த தண்ணீர் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றிப் போடுங்கள். முதல் மூன்று நாள்தான் இந்த வேலை, அப்புறம் தேவையில்லை.

இந்த நெடியும் நாளாக நாளாகப் போகாது. உங்கள் வீடு வருடம் முழுதும் 28, 30 டிகிரி என்றால், ஈஸ்ட்டோடு சண்டை போடாமல் ஈஸ்ட்டை மாற்றுங்கள். நார்வேயின் பண்ணை வீடுகளிலிருந்து வந்த வோஸ் குவைக் 35 டிகிரியிலும் தின்னர் நெடி இல்லாமல், லேசான ஆரஞ்சு வாசனையோடு முடிக்கும். அதுவும் ஏல் ஈஸ்ட் இனம்தான்.

ஏல் சப்பென்று இருக்கிறது, இனிப்பும் பாக்கி

குளிர்கால ராத்திரிகளில் அறை 14, 15-க்கு இறங்கும்போது இது நடக்கும். ஆங்கிலேய வகை ஏல் ஈஸ்ட்டுகள் குளிர் பட்டதும் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து அடியில் படிந்துவிடும். 1.012-இல் நிற்க வேண்டிய கிராவிட்டி 1.020-இல் நின்றுவிடும். ஃபெர்மென்டரைச் சுழற்றி ஈஸ்ட்டைக் கிளப்பி 21 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் மறுபடி இறங்கத் தொடங்கும். அதே இடத்தில் நிற்கும்போது பாட்டிலில் மட்டும் அடைத்துவிடாதீர்கள், பின்னால் நொதித்துப் பாட்டில் வெடிக்கும்.

கிராவிட்டி சரியாக இறங்கியும் பழ வாசனை போதவில்லை என்றால் அது கோளாறு இல்லை, விருப்பம். அடுத்த முறை இரண்டு டிகிரி கூட்டி 20, 21-இல் தொடங்குங்கள். யுஎஸ்-05 எப்படி வைத்தாலும் பெரிதாகப் பழம் தராது. பழம் வேண்டுமென்றால் எஸ்-04 போன்ற ஆங்கிலேய ரகத்துக்கு மாறுவதுதான் பலன் தரும்.

கிராம்பு வாசனை

கோதுமை பீர் காய்ச்சும் ஜெர்மன் ஏல் ஈஸ்ட்டில் கிராம்பு வருவது முறை. லாகரிலோ சாதாரண ஏலிலோ வந்தால் வெப்பநிலையைக் குறை சொல்லாதீர்கள். லாகர் ஈஸ்ட்டுக்கு அந்த வாசனையை உண்டாக்கும் ஆற்றல் கிடையாது, எவ்வளவு சூடாக்கினாலும் வராது. வேறு ஈஸ்ட் உள்ளே நுழைந்துவிட்டது. முந்தைய கோதுமை பீரின் மிச்சம் குழாயிலோ அடைப்பான் ரப்பரிலோ ஒட்டியிருக்கலாம். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களை மாற்றிவிட்டுப் புதுப் பாக்கெட்டோடு தொடங்குங்கள். அந்தத் தொகுதியின் அடி ஈஸ்ட்டை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

பெட்டியே இல்லை, லாகர் மாதிரி வேண்டும்

15, 16 டிகிரி வரை இறக்க முடிகிறவர்களுக்கு இரண்டு வழி. கொலோன் நகரத்து கோல்ஷ் ஈஸ்ட் ஏல் இனம், ஆனால் 15, 16 டிகிரியில் நொதிக்கவைத்து, பிறகு சில வாரம் குளிரில் வைத்தால் லாகருக்குப் பக்கத்தில் வந்துவிடும், ஒரு துளி பழம் மட்டும் மிஞ்சும். அல்லது 34/70-ஐ மூன்று பாக்கெட் போட்டு அதே 16-இல் வைக்கலாம். எனக்கு இரண்டாவது வழியில் கிடைக்கும் பீர் பிடிக்கும். பில்ஸ்னர் மால்ட்டின் ரொட்டி வாசனை அதில் மறைவதில்லை. எந்த வழியானாலும் ஈஸ்ட் போடும்போது வோர்ட் 15-க்குக் கீழே இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் அவ்வளவு குளிரவைக்காவிட்டால், கடைசிக் கட்டத்தில் ஒரு பக்கெட் ஐஸ் தண்ணீரைச் சின்ன பம்பால் குளிரூட்டும் சுருளில் சுற்றவிடுங்கள்.